வேனில் ஒரு தொலைபேசி எண்: செக் குடியரசா, ஸ்லோவாக்கியாவா, போலந்தா?

மலையடிவாரச் சாலை, சிவப்பு ஓட்டு வீடுகள், தொலைவில் ஒரு தேவாலயக் கோபுரம். படத்தைப் பார்த்து இடத்தைக் கண்டுபிடிக்கப் பழகுகிறவர்களுக்கு இப்படி ஒரு தெருக்காட்சி வந்தால், செக் குடியரசு, ஸ்லோவாக்கியா, போலந்து மூன்றுமே மனதில் வந்து நிற்கும். நிலமும் வீடுகளும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் சாலையோரம் ஒரு டெலிவரி வேனோ சுவரில் ஒரு விளம்பரமோ இருந்தால், பதில் பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கிறது. அதைப் படிக்கும் முறையை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: எண்ணைப் படிக்காதீர்கள், அதன் வடிவத்தைப் பாருங்கள்

படம் மங்கலாக இருந்தால் 3, 8 ஆகத் தெரியும். 6, 0 ஆகத் தெரியும். இலக்கங்களை ஒவ்வொன்றாகப் படிக்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். இலக்கங்கள் எத்தனை எத்தனையாகச் சேர்த்து எழுதப்பட்டிருக்கின்றன என்பதைப் பாருங்கள். இடைவெளிகள் மங்கலிலும் தெரியும்.

இந்த மூன்று நாடுகளில் வழக்கமாகக் காணும் வடிவங்கள் இவை. `x` என்பது ஏதோ ஓர் இலக்கம்.

```
செக்:           7xx xxx xxx
ஸ்லோவாக்கியா:   09xx xxx xxx
போலந்து:        6xx xxx xxx
                22 xxx xx xx
```

செக் குடியரசில் எல்லா எண்களும் ஒன்பது இலக்கம், மும்மூன்றாக. முன்னால் சுழியம் கிடையாது. ஸ்லோவாக்கியாவில் உள்நாட்டு எண்ணின் முன்னால் சுழியம் உண்டு, அதனால் கைபேசி எண்ணின் முதல் கட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். போலந்தும் ஒன்பது இலக்கம்தான். கைபேசி எண் செக் எண்ணைப் போலவே மும்மூன்றாக இருக்கும். தரைவழி எண்ணோ இரண்டு இலக்க ஊர்க் குறியீட்டோடு தொடங்கும். மேலே உள்ள 22 வார்சாவுக்கு உரியது.

ஆக, முதல் கட்டில் நான்கு இலக்கமும் தொடக்கத்தில் 09-உம் இருந்தால் ஸ்லோவாக்கியா. முதல் கட்டில் சுழியத்தில் தொடங்காத இரண்டே இலக்கம் என்றால் போலந்து. மும்மூன்றாக இருந்து 6 அல்லது 7-இல் தொடங்கினால், அது செக்காகவும் இருக்கலாம், போலந்தாகவும் இருக்கலாம். எண்ணை மட்டும் வைத்து அங்கே முடிவெடுக்கவே கூடாது.

படி 2: இணைய முகவரியின் வாலைப் பாருங்கள்

செக் முகவரிகள் `.cz` என்று முடியும், ஸ்லோவாக்கிய முகவரிகள் `.sk` என்று, போலந்து முகவரிகள் `.pl` என்று. வேனின் பின்கதவில் முகவரிதான் பெரும்பாலும் பெரிய எழுத்தில் இருக்கும். எண் தெரியாத படத்திலும் வால் தெரியும். மும்மூன்று எண்ணோடு `.pl` வந்தால் முந்தைய படியில் இருந்த சந்தேகம் தீர்ந்துவிடும்.

`.com` இருந்தால் அதை விட்டுவிடுங்கள். `.eu` இருந்தால் ஐரோப்பிய ஒன்றியம் என்பதற்கு மேல் அதிலிருந்து எதையும் எடுக்க முடியாது. மூன்று நாடுகளும் ஒன்றியத்தில்தான் இருக்கின்றன. `.tv` பார்த்துத் துவாலுவுக்கும், `.me` பார்த்து மாண்டினீக்ரோவுக்கும் போய்விடாதீர்கள். அழகுக்காக அவற்றை உலகெங்கும் வாங்குகிறார்கள்.

படி 3: கூட்டல் குறி இருக்கிறதா?

`+420` செக் குடியரசு, `+421` ஸ்லோவாக்கியா, `+48` போலந்து. முதல் இரண்டும் இவ்வளவு ஒட்டி இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1993-இல் செக்கோஸ்லோவாக்கியா பிரிந்த பிறகும் சில ஆண்டுகள் இரு நாடுகளும் பழைய 42-ஐயே பகிர்ந்துகொண்டன. 1997-இல்தான் தனித்தனிக் குறியீடு வந்தது. அதனால் மங்கலான படத்தில் கடைசி இலக்கம் தெரியும்வரை பெரிதாக்கிப் பாருங்கள்.

நாட்டுக் குறியீடு வந்துவிட்டால் ஸ்லோவாக்கிய எண் தன் சுழியத்தை இழந்துவிடும்: `+421 9xx xxx xxx`. பின்பகுதியை மட்டும் பார்த்தால் மும்மூன்றாகத் தெரிந்து செக் என்று தோன்றும். குறியீடு கதவின் விளிம்பில் மறைந்திருக்கிறதா என்று எப்போதும் பாருங்கள். தொடக்கத்தில் 9 இருப்பதே ஓர் எச்சரிக்கை, ஏனென்றால் செக் கைபேசி எண்கள் 6-இலும் 7-இலும்தான் தொடங்குகின்றன.

நான் தவறிய இடம்

ஒருமுறை ஒரு பட்டறைச் சுவரில் வெளிறிப்போன பலகை. முதல் கட்டில் நான்கு இலக்கம், தொடக்கத்தில் சுழியம். ஸ்லோவாக்கியா என்று உறுதியாகச் சொன்னேன். இடம் செக் குடியரசு. பலகையில் இருந்தது `0602 xxx xxx`. செக் குடியரசு சுழியத்தை நீக்கியது 2002-இல்தான். அதற்கு முன் எழுதிய பலகைகளில் அங்கும் சுழியம் இருக்கும். வண்ணம் உரிந்தாலும் யாரும் அவற்றை அழிப்பதில்லை. வேறுபாடு இரண்டாம் இலக்கத்தில் இருக்கிறது: 09 என்றால் ஸ்லோவாக்கியா, 06 அல்லது 07 என்றால் பெரும்பாலும் பழைய செக் பலகை. போலந்திலும் பழைய பலகைகளில் `(0-22)` போன்ற வடிவம் உண்டு. பலகையின் வயதையும் சேர்த்துத்தான் எண்ணைப் படிக்க வேண்டும்.

ஒரு படத்தை முழுதாகப் பார்ப்போம்

கிராமச் சாலையில் வெள்ளை வேன். பக்கவாட்டில் `5xx xxx xxx`, கீழே `.cz` என்று முடியும் முகவரி. செக் எண் என்பதில் ஐயமில்லை. 5-இல் தொடங்கும் செக் தரைவழி எண்கள் பெரும்பாலும் நாட்டின் கிழக்குப் பகுதியான மொராவியாவுக்கு உரியவை. 2 என்றால் பிராக். எனவே வரைபடத்தில் மொராவியா என்று குறிக்கத் தோன்றும்.

குறிக்கும் முன் சுற்றிலும் பாருங்கள். பஸ் நிறுத்தத்தின் கண்ணாடியில் விறகு விற்பவர் ஒட்டிய ஒரு சிறு தாள், அதில் `09xx xxx xxx`. அறிவிப்புப் பலகையின் அடியில் `.sk` என்று முடியும் முகவரி. இப்போது இரண்டு சான்றுகள் ஸ்லோவாக்கியா என்கின்றன, ஒன்று செக் என்கிறது. எண்ணிக்கையைவிட முக்கியமானது, எது நகரும் எது நகராது என்பது. வேனுக்குச் சக்கரம் இருக்கிறது. இரு நாடுகளுக்கும் இடையே எல்லைச் சோதனை வழக்கமாக இல்லை. விறகு விற்பவரோ அடுத்தடுத்த ஊர்களுக்கு மட்டும் விற்பவர், தாளைக் கையால் ஒட்டியவர். ஆகவே இடம் ஸ்லோவாக்கியா.

வேனையும் வீணாக்க வேண்டாம். மொராவியாவிலிருந்து சரக்கு கொண்டுவரும் வண்டி அடிக்கடி வந்துபோகக்கூடிய இடம் எது? ஸ்லோவாக்கியாவின் மேற்கு எல்லை. குறியை நாட்டின் நடுவில் வைக்காமல் மேற்கே நகர்த்துங்கள். அருகில் தரைவழி எண் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். ஸ்லோவாக்கியாவில் அதைப் பெரும்பாலும் சாய்கோடு போட்டு `041/xxx xx xx` என்று எழுதுவார்கள். 041 என்றால் வடமேற்கில் ஷிலினா. 02 என்றால் தென்மேற்கு மூலையில் பிராட்டிஸ்லாவா. 055 என்றால் கிழக்கே கோஷிட்சே. அது வந்தால் வேனை வைத்துப் போட்ட கணக்கைக் கைவிட்டு, குறியைக் கிழக்கே கொண்டுபோங்கள்.