பணம் கேட்ட இரண்டாவது கடிதம்

மெஷின்களை இயக்கும் பழைய ரிலே பேனல்களை எடுத்துவிட்டு, அதே வேலையை புரோகிராம் மூலம் செய்யும் பிஎல்சி என்ற சிறு கணினியைப் போட வேண்டும் என்று உரிமையாளர்களுக்கு நான் எழுதிய முதல் கடிதம் திரும்பி வந்துவிட்டது. ‘பேனல் பழசு, புதுசு நவீனமானது’ என்றுதான் எழுதியிருந்தேன். பணம் தருபவருக்கு அது காரணமே இல்லை.

அப்புறம் ஆறு மாதம் ஒரு நோட்டு வைத்தேன். மெஷின் நின்ற ஒவ்வொரு முறையும் பழுதைத் தேட எவ்வளவு நேரம், சரிசெய்ய எவ்வளவு நேரம் என்று தனித்தனியாக எழுதினோம். பேனலால் நின்றது மொத்தம் 31 மணி நேரம். அதில் தேடியதே 27 மணி. ரிலேவுக்குள் கரி பிடித்த கான்டாக்ட் ஒரு நேரம் சேரும், ஒரு நேரம் சேராது. மீட்டர் வைக்கும்போது சரியாகக் காட்டும். ரிலேவை மாற்றப் பத்து நிமிடம் போதும். எந்த ரிலே என்று கண்டுபிடிப்பதுதான் பாடு.

இரண்டாவது கடிதம் அந்த 27 மணியில் தொடங்கியது. பிஎல்சியில் எந்த இன்புட் வரவில்லை என்பதை அதிலுள்ள சிறு விளக்குகளும் திரையும் காட்டிவிடும். ஆனால் மெஷின் பாகம் எல்லைக்கு வந்ததைச் சொல்லும் லிமிட் சுவிட்ச் கெட்டுப்போனால் அதை பிஎல்சி சரிசெய்யாது என்பதையும் மறைக்காமல் எழுதினேன். அவசர நிறுத்தம் சேஃப்டி ரிலே வழியாகத் தனி ஒயரிங்கிலேயே இருக்கும் என்றும் சொன்னேன்.

செலவில் வரைபடத்தைப் புதிதாக வரைவதையும் உபரி சிபியுவையும் சேர்த்தேன். எல்லா பேனலுக்கும் கேட்கவில்லை, அதிகம் நின்ற ஒன்றுக்கு மட்டும் கேட்டேன். அதற்குப் பணம் கிடைத்தது.