விருந்தினரின் முன்னெழுத்தை மேடையில் சொல்வது எப்படி: குமரி மாவட்டத்து அறிவிப்பாளர்களுக்கு ஒரு செய்முறை

பள்ளி ஆண்டு விழா, நூலக வார விழா, கோயில் கொடை விழா, ஆலயத் திருவிழா என்று எதுவாக இருந்தாலும், அழைப்பிதழில் அச்சான பெயரை ஒலிபெருக்கியில் வாசிக்கும் பொறுப்பு யாராவது ஒருவர் தலையில் விழுகிறது. பெயரைச் சொல்வதில் பெரும்பாலும் தடுமாற்றம் வராது. அதற்கு முன்னால் நிற்கும் ஒன்றோ இரண்டோ எழுத்துகளில்தான், அதாவது நாம் பேச்சில் இனிஷியல் என்று சொல்லும் முன்னெழுத்தில்தான், தவறு நேர்கிறது. ஒரு பள்ளி விழாவில் நானே "டி. ஒய்." என்று ஆங்கில எழுத்துகளை அழுத்தமாக வாசித்துவிட்டு அமர்ந்தேன். பேச எழுந்த பெரியவர், தம் தந்தையின் பெயர் ஏசுவடியான் என்றும், தாம் கையெழுத்திடும்போது "ஏ." என்றே எழுதுவதாகவும், பள்ளிச் சேர்க்கையின்போது யாரோ ஆங்கிலத்தில் எழுதியது இன்னும் தம்மைத் துரத்துவதாகவும் சிரித்துக்கொண்டே சொன்னார். கீழே உள்ள முறை அதற்குப் பிறகு நான் பழகிக்கொண்டது.

முதல் படி: எழுத்து எதைக் குறிக்கிறது என்று பிரித்துப் பாருங்கள்

தமிழ் வழக்கில் ஒற்றை முன்னெழுத்து இருந்தால் அது பெரும்பாலும் தந்தை பெயரின் முதல் எழுத்து. இரண்டு இருந்தால் முதலாவது ஊர், இரண்டாவது தந்தை. நம் மாவட்டத்திலேயே இதற்கு இரண்டு நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு. 1907இல் பூதப்பாண்டியில் பிறந்த ப. ஜீவானந்தத்தின் "ப" தந்தை பட்டன் பிள்ளையைக் குறிக்கிறது; அவர் பெயரில் ஊரெழுத்து இல்லை. அதற்கு அடுத்த ஆண்டு நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் பெயரில் "என்" நாகர்கோவிலையும் "எஸ்" தந்தை சுடலைமுத்துவையும் குறிக்கின்றன.

இந்த இருவரையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் புலப்படும். ஒருவர் தமிழ் எழுத்தால் அறியப்பட்டார், மற்றவர் ஆங்கில எழுத்துகளால் அறியப்பட்டார். கலைவாணரை "நா. சு. கிருஷ்ணன்" என்று சொன்னால் கணக்குப்படி பிழையில்லை, ஆனால் கூட்டத்தில் யாருக்கும் அவர் யாரென்று புரியாது. ஆகவே விருந்தினர் எந்த வடிவில் அறியப்படுகிறாரோ, தம்மை எப்படிச் சொல்லிக்கொள்கிறாரோ, அந்த வடிவத்தையே நாமும் சொல்ல வேண்டும். முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021 டிசம்பரில் தமிழக அரசு ஆணையிட்டது உண்மைதான். ஆனாலும் அதற்கு வெகு காலம் முன்பே ஆங்கில எழுத்தோடு வாழ்ந்துவிட்ட ஒருவரின் பெயரை, அவரைக் கேட்காமல் மேடையில் நின்று மொழிபெயர்ப்பது அறிவிப்பாளரின் வேலை அல்ல.

ஊர், தந்தை என்ற கணக்கு எல்லாருக்கும் பொருந்தாது. விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் முதல் எழுத்து சில வேளை ஊராக இல்லாமல் வீட்டுப்பெயராக இருக்கும். தாயின் எழுத்தை வைத்திருப்பவர்கள் உண்டு. மணமான பெண்களில் சிலர் தந்தை எழுத்தை அப்படியே வைத்திருப்பார்கள், சிலர் கணவர் எழுத்துக்கு மாறியிருப்பார்கள். இவற்றில் எதையும் ஊகிக்காதீர்கள்.

இரண்டாம் படி: ஆங்கில எழுத்தை ஒலியை வைத்துத் தமிழாக்காதீர்கள்

புதியவர்கள் அதிகம் விழும் பள்ளம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். அழைப்பிதழின் ஆங்கிலப் பக்கத்தில் "சி. எக்ஸ். செல்வராஜ்" என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம், பெயர் விளக்கத்துக்காக நான் கற்பித்தது. தமிழில் அறிவிக்க விரும்பும் ஒருவர் "சி" என்பதைச் "சி" என்றே வைத்துக்கொண்டு, "எக்ஸ்" என்பதற்கு என்ன செய்வதென்று தெரியாமல் விழிப்பார். உண்மையில் அந்த "சி" குளச்சல். ஆங்கிலேயர் காலத்து எழுத்துக்கூட்டலில் குளச்சல் "சி"யில் தொடங்குகிறது. தமிழில் அதன் முதல் எழுத்து "கு". அந்த "எக்ஸ்" சேவியர், ஆகவே "சே". சரியான வடிவம் "கு. சே. செல்வராஜ்". ஆங்கில எழுத்தை எத்தனை முறை உச்சரித்துப் பார்த்தாலும் இந்த விடை கிடைக்காது. முழுப் பெயரும் ஊரும் தெரிந்தால் மட்டுமே கிடைக்கும்.

அதிலும் ஒரு கிளைச்சிக்கல் உண்டு. கோட்டாற்றுச் சவேரியாரின் பெயரைத் தாங்கியவர்கள் நம் பகுதியில் ஏராளம். தந்தையின் பெயரைக் குடும்பத்தார் சவேரியார் என்று வழங்கினால் எழுத்து "ச", சேவியர் என்று வழங்கினால் "சே". "ஒய்" என்ற எழுத்தும் இப்படித்தான்: ஒரே பெயரை ஒரு வீட்டில் யேசுதாஸ் என்றும், இன்னொரு வீட்டில் ஏசுதாஸ் என்றும், மற்றொன்றில் இயேசுதாஸ் என்றும் எழுதுவார்கள், முன்னெழுத்து முறையே யே, ஏ, இ என்று மாறும். "டி" தக்கலையாகவும் இருக்கலாம், தோவாளையாகவும் இருக்கலாம், திருவட்டாறாகவும் இருக்கலாம். தந்தை பெயர் ஸ்டீபன் என்றால் "ஸ்" என்ற மெய்யைத் தனியாகச் சொல்ல வராது. "ஸ்டீ" என்று சொல்வதே எளிது, ஆனால் அவர் "எஸ்" என்பதையே விரும்பினால் அதுவே சரி.

மூன்றாம் படி: விருந்தினரிடமே கேளுங்கள்

விழாவுக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாகத் தொலைபேசியில் அழைத்து, "ஐயா, மேடையில் தங்கள் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும்? முன்னெழுத்துகளின் விரிவையும் சொன்னால் பிழையில்லாமல் அறிவிப்பேன்" என்று கேட்டால் போதும். இதைக் கேட்டதற்காக வருத்தப்பட்டவர் எவரையும் நான் பார்த்ததில்லை. நெருங்கிப் பழகும் அண்ணாச்சியாக இருந்தாலும் இந்தக் கேள்வியைத் தவிர்க்க வேண்டாம். வருடக்கணக்காகப் பழகியவரின் ஊரெழுத்தை நாம் தவறாக நினைத்திருப்பது புதிதல்ல.

தொலைபேசியில் "க", "கா" இரண்டும், "ப", "பா" இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். அதனால் விடையைத் தமிழில் எழுதியோ குரல் பதிவாகவோ வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். குரல் பதிவுதான் மேல். ஊர்ப்பெயரை அவர் சொல்லும் விதமும் அதில் கிடைத்துவிடும்.

ஊரைக் கேட்கும்போது "சொந்த ஊர்" என்று கேட்பதா, "இப்போது இருக்கும் ஊர்" என்று கேட்பதா என்பதில் தெளிவு வேண்டும். முன்னெழுத்தில் இருப்பது பூர்வீக ஊர். விருந்தினர் பத்து ஆண்டுகளாக நாகர்கோவிலில் வீடு கட்டி வாழ்ந்தாலும் "கு" குளச்சலாகவே இருக்கும். வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர்களிடம் இன்னொன்றையும் கவனியுங்கள். கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் தந்தை பெயரை எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்து அழைப்பிதழ் அடிக்கும்போது தந்தை பெயர் பின்னால் போய்விடும். அதைக் கடைசிப் பெயர் என்று எண்ணி "திரு. சேவியர் அவர்கள்" என்று அழைத்தால், மேடையில் இல்லாத தந்தையை அழைத்ததாகிவிடும். அழைக்க வேண்டியது செல்வராஜை.

நான்காம் படி: ஊர்ப்பெயரைத் தமிழில் எழுதிப் பழகுங்கள்

குறிப்புச் சீட்டில் ஊரை ஆங்கிலத்தில் எழுதி வைத்தால் நாக்கு ஆங்கிலத்தின் பின்னால் போகும். குளச்சல் "கோலாச்சல்" ஆகும், விளவங்கோடு "விலவன்கோட்" ஆகும். நம் மாவட்டத்து ஊர்ப்பெயர்களில் "விளை" என்ற ஈறு மிகுதி. அது நிலத்தைக் குறிக்கும் சொல். ஆங்கில எழுத்தில் "ள", "ல" வேறுபாடு தெரியாததால், வெளியூர் அறிவிப்பாளர்கள் களியக்காவிளையை "கலியக்காவிலை" என்று சொல்லி ஊரையே கடைச்சரக்காக்கிவிடுவார்கள். குழித்துறையின் "ழி", திருவட்டாறின் "று" ஆகியவற்றையும் ஐந்தாறு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது நல்லது.

ஐந்தாம் படி: எழுத்துகளை உச்சரிக்கும் முறை

தமிழ் முன்னெழுத்து குறில் என்றால் குறிலாகவே ஒலிக்க வேண்டும். ஒலிபெருக்கி முன் நின்றவுடன் "கு" "கூ" ஆகவும், "ப" "பா" ஆகவும் நீண்டுவிடும்; நீண்டால் வேறு பெயரின் எழுத்தாகிவிடும். அதே சமயம் "கு", "சு" போன்றவற்றின் உகரத்தை விழுங்கவும் கூடாது. "காசு" என்ற சொல்லின் இறுதி உகரம் குறைந்து ஒலிப்பதுபோலத் தனி எழுத்தான "சு" குறையாது. அது முழு உகரம், இதழ் குவித்தே சொல்ல வேண்டும்.

புள்ளி இருக்கும் இடத்தில் அரை நொடி நிறுத்துங்கள். நிறுத்தாமல் சொன்னால் "கு. சே. செல்வராஜ்" என்பது "குசேசெல்வராஜ்" ஆகி, முன்வரிசைப் பிள்ளைகளுக்குக் குசேலர் நினைவுக்கு வருவார். நான் சீட்டில் நிறுத்தும் இடங்களில் சாய்கோடு போட்டுக்கொள்வேன்:

திரு. / கு / சே / செல்வராஜ் அவர்கள்

ஆறாம் படி: அறிமுகத்தில் எங்கே விரிப்பது

முன்னெழுத்துகளையும் அவற்றின் விரிவையும் ஒரே மூச்சில் அடுக்க வேண்டாம். "குளச்சல் சேவியர் செல்வராஜ்" என்று இடைவெளியின்றிச் சொன்னால் இரண்டு பேர் மேடைக்கு வருவதாக நினைப்பார்கள். என் சீட்டில் இப்படி இருக்கும்:

"இன்றைய சிறப்பு விருந்தினர் திரு. கு. சே. செல்வராஜ் அவர்கள். குளச்சலைச் சொந்த ஊராகக் கொண்ட இவர், திரு. சேவியர் அவர்களின் மகன். திரு. செல்வராஜ் அவர்களை உரையாற்ற அன்புடன் அழைக்கிறேன்."

முதல் முறை முன்னெழுத்துகளோடு, பிறகு ஒரு வாக்கியத்தில் ஊரும் தந்தையும், அதன்பின் பெயர் மட்டும். நடு வாக்கியம் விருந்தினரின் விருப்பத்தைப் பொறுத்தது; தந்தையைப் பற்றிப் பொதுவில் பேச விரும்பாதவரும் இருப்பார், அப்போது ஊரோடு நிறுத்திக்கொள்ளலாம். தந்தை காலமாகியிருந்தால் "அவர்களின் மகன்" என்பதே போதும். "மறைந்த" என்பதைச் சேர்ப்பதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். விருந்தினர் சொல்லாத சாதிப் பட்டத்தைத் தந்தையின் பெயரோடு ஒட்டவே கூடாது, பழைய அழைப்பிதழ் ஒன்றில் அது அச்சாகியிருந்தாலும் சரி.

ஏழாம் படி: சரிபார்ப்பு

சீட்டை வாசித்து அதைக் குரல் பதிவாக விருந்தினருக்கே அனுப்பிவிடுங்கள். பெரும்பாலோர் "சரி" என்று ஒற்றைச் சொல்லில் பதில் அனுப்புவார்கள், சிலர் திருத்துவார்கள். அன்று மேடையில் ஏறும் முன் அச்சிட்ட அழைப்பிதழ், பின்னணிப் பதாகை, நினைவுப் பரிசில் பொறித்த பெயர் ஆகிய மூன்றையும் சீட்டோடு ஒப்பிடுங்கள். அவற்றில் வேறு எழுத்து இருந்தால், வாசிக்க வேண்டியது சீட்டில் உள்ளதை. அச்சகத்தார் விருந்தினரிடம் கேட்டு அச்சிட்டதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் நாக்குப் பிறழ்ந்தால் அடுத்த வாக்கியத்துக்குப் போகாமல் அங்கேயே நின்று, "மன்னிக்கவும், திரு. கு. சே. செல்வராஜ் அவர்கள்" என்று பெயரை முழுவதுமாக மறுபடி சொல்லுங்கள். தவறான எழுத்தைத் திரும்பச் சொல்லி விளக்கம் தரப் போனால், கேட்பவர்கள் காதில் அந்தத் தவறுதான் தங்கும்.