மாட்டுக்குக் காய்ச்சலா? முதலில் மூச்சை எண்ணுங்கள்

கிட்டே போய்த் தொட்டாலே மாடு மிரளும், மூச்சும் நாடியும் ஏறிவிடும். அதனால் முதலில் தள்ளி நின்று, விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஓய்வில் 15 முதல் 30 வரை இருக்கலாம். பிறகு வாலின் அடிப்பக்கம், நடுவில் விரல் வைத்தால் நாடி துடிக்கும். நிமிடத்துக்கு 50 முதல் 80.

தெர்மாமீட்டரில் எண்ணெய் தடவி ஆசனவாயில் செலுத்தி, குடல் சுவரைத் தொடும்படி சற்றுச் சாய்த்து இரண்டு நிமிடம் பிடியுங்கள். சாணத்துக்குள் குத்தி நின்றால் அளவு குறைவாகக் காட்டும். பலர் ஏமாறுவது இங்கேதான். மாட்டுக்குச் சராசரி 101.5 டிகிரி ஃபாரன்ஹீட்; ஆடுகளுக்கு 103.5 வரைகூட இயல்பே.

வெயிலில் நடந்து வந்த மாடு 103.5 காட்டி மூச்சிரைத்தால், நிழலில் ஒரு மணி நேரம் விட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் 103-க்குக் கீழே இறங்காவிட்டால் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.