பிங் போகிறது, கோப்பு போகவில்லை: விஎக்ஸ்லேன் அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு ஹால்களில் சர்வர்கள் இருக்கின்றன. நடுவில் ரவுட்டிங் நெட்வொர்க். முதல் ஹாலில் உள்ள ஒரு விஎம்மும் இரண்டாவது ஹாலில் உள்ள இன்னொரு விஎம்மும் ஒரே சுவிட்சில் செருகியதுபோல் பேசிக்கொள்ள வேண்டும். இதற்குத்தான் விஎக்ஸ்லேன். விஎம் அனுப்பும் ஈதர்நெட் ஃபிரேமை அப்படியே எடுத்து ஒரு யுடிபி பாக்கெட்டுக்குள் வைத்து, எதிர்ப்பக்க ஹோஸ்டுக்கு அனுப்புகிறது. அங்கே உறையைப் பிரித்தால் பழைய ஃபிரேம் வெளியே வரும்.

அந்த உறைக்கு எடை உண்டு. உள்ளே இருக்கும் ஈதர்நெட் தலைப்பு 14 பைட், விஎக்ஸ்லேன் தலைப்பு 8, யுடிபி 8, வெளி ஐபிவி4 தலைப்பு 20. மொத்தம் 50 பைட். வெளியே ஐபிவி6 என்றால் 70. விஎம் 1500 பைட் பாக்கெட் அனுப்பினால் கீழே இருக்கும் நெட்வொர்க் 1550 பைட் சுமக்க வேண்டும். இந்தக் கணக்கு பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். ஆனால் கணக்கு தெரிந்தவர்களும் அதைச் சோதிக்கும் இடத்தில் தவறுகிறார்கள். நானும் அங்கேதான் ஒரு முழு இரவை விட்டேன்.

நான் பார்த்த அந்த அமைப்பில் ஹோஸ்டுகளின் நெட்வொர்க் கார்டு எம்டியு, அதாவது ஒரே பாக்கெட்டாகப் போகக்கூடிய அதிகபட்ச அளவு, 9000. விஎம்களில் வழக்கமான 1500. ஹோஸ்டுகள் செருகியிருக்கும் லீஃப் சுவிட்சுகளுக்கு மேலே, அவற்றை இணைக்கும் இரண்டு ஸ்பைன் சுவிட்சுகள், இரண்டு வழியாகவும் டிராஃபிக் பிரிந்து போகும். புகார் இதுதான்: ஒரு விஎம்மிலிருந்து இன்னொன்றுக்கு எஸ்எஸ்எச் சில நேரம் உடனே நுழைகிறது, சில நேரம் அப்படியே நின்றுவிடுகிறது. `ssh -v` போட்டுப் பார்த்தால் கடைசி வரி இது:

```
debug1: expecting SSH2_MSG_KEX_ECDH_REPLY
```

டிசிபி இணைப்பு கிடைத்துவிட்டது, பதிப்பு எண்களும் பரிமாறியாகிவிட்டது. சாவி பரிமாறும் கட்டத்தில், அதாவது முதல் பெரிய பாக்கெட் போக வேண்டிய இடத்தில், நிற்கிறது. சின்ன பாக்கெட் எல்லாம் போய்ப் பெரியது மட்டும் தொலைந்தால் எம்டியுவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சரி என்று ஒரு ஹோஸ்டிலிருந்து இன்னொரு ஹோஸ்டுக்குச் சோதித்தேன்:

```
ping -M do -s 1522 10.0.2.11
```

1522 உடன் ஐசிஎம்பி, ஐபி தலைப்புகள் 28 பைட் சேர்ந்தால் சரியாக 1550. `-M do` என்றால் வழியில் துண்டாக்கக் கூடாது. பதில் ஒழுங்காக வந்தது. உடனே எம்டியு சரி என்று முடிவுகட்டி, விஎம்களின் ஃபயர்வாலையும் கெர்னலையும் கிளற ஆரம்பித்தேன். அதுதான் தவறு.

ஏன் என்று சொல்கிறேன். இரண்டு ஹோஸ்டுகளுக்கு இடையே ஆயிரம் இணைப்புகள் ஓடினாலும் வெளி ஐபி முகவரிகள் அதே இரண்டுதான். அதனால் விஎக்ஸ்லேன், உள்ளே இருக்கும் பாக்கெட்டின் முகவரி, போர்ட் ஆகியவற்றை ஹாஷ் செய்து, வெளி யுடிபியின் சோர்ஸ் போர்ட்டாக வைக்கிறது. சுவிட்சுகள் அந்தப் போர்ட்டைப் பார்த்துத்தான் எந்த ஸ்பைன் வழியே அனுப்புவது என்று தீர்மானிக்கின்றன. ஒவ்வொரு டிசிபி இணைப்பும் ஒரு வழியைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஹோஸ்டிலிருந்து நான் போட்ட பிங்கிற்குப் போர்ட்டே கிடையாது. அது எத்தனை முறை போனாலும் ஒரே ஸ்பைன் வழியாகவே போனது, அது நல்ல ஸ்பைன். இன்னொரு ஸ்பைனில், இரண்டாவது ஹாலை நோக்கிக் கேபிள் செருகும் போர்ட் ஒன்றை மாற்றியபோது எம்டியு 1500-லேயே விடப்பட்டிருந்தது.

அந்தப் போர்ட் 1550 பைட் பாக்கெட்டைத் துண்டாக்கவும் இல்லை, அது தொலைந்த செய்தி விஎம்முக்குப் போகவும் இல்லை. சுவிட்ச் ஐசிஎம்பி அனுப்பினாலும் அது வெளி முகவரிக்குத்தான், அதாவது ஹோஸ்டுக்குத்தான் போகும். நடுவில் ஒரு ரவுட்டர் இருப்பதே விஎம்முக்குத் தெரியாது. ஒரே சுவிட்சில் இருப்பதாக நினைத்து அதே அளவு பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். வழியில் துண்டாகட்டும் என்று நம்பியிருப்பதும் பயன்படாது. விஎக்ஸ்லேனை விவரிக்கும் 2014-ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 7348, அனுப்பும் முனை துண்டாக்கக் கூடாது என்கிறது. வழியில் துண்டாகி வந்தவற்றைப் பெறும் முனை சொல்லாமலே தூக்கியெறியவும் அனுமதிக்கிறது.

எனவே ஒற்றைப் பிங்கை நம்பாதீர்கள். விஎம்முக்குள்ளிருந்து பல இணைப்புகளை ஒன்றாக ஓட்டுங்கள்:

```
iperf3 -c 192.168.50.12 -P 16 -t 10
```

பதினாறும் ஓடினால் நல்லது. சில ஓடி, சில முதல் நொடிக்குப் பிறகு `0.00 bits/sec` என்று நின்றால், பல வழிகளில் ஏதோ ஒன்று குறுகலாக இருக்கிறது. அப்புறம் ஒவ்வொரு ஸ்பைன் போர்ட்டின் எம்டியுவையும் டிராப் கவுன்டரையும் பார்த்தால் போதும். எங்களுக்கு அந்த ஒரு போர்ட்டைச் சரிசெய்ததும் பதினாறும் ஓடின.

நடு நெட்வொர்க் உங்கள் கையில் இல்லை, 1500-ஐ உயர்த்த முடியாது என்றால், விஎம்களை 1450-க்கு இறக்குவதுதான் வழி. டிஹெச்சிபியில் ஆப்ஷன் 26 இதற்காகவே இருக்கிறது. இங்கேயும் ஒரு சறுக்கல் உண்டு: ஒரு விஎம்மில் மட்டும் இறக்கிப் பார்த்து, எஸ்எஸ்எச் வேலை செய்ததும் விட்டுவிடுவது. டிசிபி இணைப்பு தொடங்கும்போதே இரு பக்கமும் தாங்கள் ஏற்கும் துண்டின் அதிகபட்ச அளவை, அதாவது எம்எஸ்எஸ்ஸை, சொல்லிக்கொள்வதால், ஒரு பக்கம் இறக்கினாலே அது பிழைத்துவிடும். பெரிய யுடிபி பாக்கெட்டுகளுக்கு அந்தப் பேச்சுவார்த்தை கிடையாது. அந்த விர்ச்சுவல் சுவிட்சில் இருக்கும் எல்லா விஎம்மும், கேட்வேயும் சேர்த்து, ஒரே எம்டியுவில் இருக்க வேண்டும்.

சோர்ஸ் போர்ட் ஹாஷிலிருந்து வருவதால் ஃபயர்வாலிலும் ஒரு தவறு நடக்கிறது. முதல் ஹாலிலிருந்து இரண்டாவதற்கு விஎக்ஸ்லேனின் போர்ட்டான யுடிபி 4789-ஐத் திறந்துவிட்டு, பதில் தானாக வரும் என்று எதிர்பார்ப்பார்கள். வராது. எதிர்ப்பக்கமும் தன் சொந்த சோர்ஸ் போர்ட்டிலிருந்து 4789-க்குத்தான் அனுப்பும், அது பழைய பாக்கெட்டின் பதிலாக ஃபயர்வாலுக்குத் தெரியாது. இரு திசையிலும் தனித்தனியாகத் திறக்க வேண்டும். திறக்கும்போது உங்கள் ஹோஸ்டுகளின் முகவரிகளுக்கு மட்டும் திறங்கள். விஎக்ஸ்லேனில் குறியாக்கமும் இல்லை, அனுப்புகிறவர் யார் என்ற சோதனையும் இல்லை.

இன்டர்ஃபேஸை உருவாக்கும்போதே போர்ட் எண்ணையும் எழுதிவிடுங்கள். 4789 ஒதுக்கப்படுவதற்கு முன்பே லினக்ஸ் கெர்னலில் விஎக்ஸ்லேன் வந்துவிட்டதால், அதன் இயல்பு போர்ட் இன்றும் 8472. ஒரு பக்கம் 4789-ஐப் பயன்படுத்தும் ஓபன் விஸ்விட்ச், மறுபக்கம் `dstport` சொல்லாமல் உருவாக்கிய லினக்ஸ் இன்டர்ஃபேஸ் என்றால் இரண்டும் சந்திக்கவே செய்யாது. `ip -d link show vxlan100` அந்த எண்ணைக் காட்டும்.

மிகவும் பயப்பட வேண்டியது இடம்பெயர்க்கும் நாட்களில் நடக்கும். பழைய விலேன் டிரங்க் இரண்டு ஹால்களையும் இன்னும் இணைத்திருக்க, அதே பிரிட்ஜில் விஎக்ஸ்லேனையும் சேர்த்துவிடுவார்கள். லூப் உருவாகும். வெளி பாக்கெட்டில், எத்தனை தாவலுக்குப் பிறகு அதைத் தூக்கியெறிய வேண்டும் என்று சொல்லும் டிடிஎல் இருக்கிறதே என்று தோன்றும், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் புது உறை, புது டிடிஎல். உள்ளே இருக்கும் ஈதர்நெட் ஃபிரேமுக்கு டிடிஎல்லே கிடையாது. ஒரு ஏஆர்பி போதும், நிற்காமல் சுற்றும். ஹோஸ்டின் `dmesg`-இல் இந்த வரி வந்தால் வேறு எதையும் ஆராயாமல் முதலில் டிரங்கிலிருந்து அந்த விலேனை எடுங்கள்:

```
br0: received packet on vxlan100 with own address as source address
```