முரசு தெரியும் சிரிப்பு: வெட்டுவதற்கு முன் அளக்காமல் விடும் தவறு

போன வருடம் வெள்ளவத்தையிலிருந்து 26 வயதுப் பெண் ஒருவர் தன் அக்காவோடு என்னிடம் வந்தார். ஐந்து மாதத்தில் அவருக்குக் கல்யாணம். கைபேசியில் இரண்டு படங்களைக் காட்டினார். முதல் படம், ஓரிடத்தில் லேசரால் முரசை வெட்டிப் பத்து நாளில் எடுத்தது. பற்கள் நீளமாக, அழகாக இருந்தன. அடுத்தது ஏழு மாதம் கழித்து எடுத்த படம். முரசு பழைய இடத்துக்கே இறங்கி வந்திருந்தது. விளிம்பு மட்டும் சிவந்து தடித்திருந்தது.

“வெட்டின முரசு திரும்ப வளருமா டொக்டர்? இனி போட்டொக்ஸ் ஊசி போட்டால் சரிவரும் எண்டு சொல்லுறாங்கள்” என்றார் அக்கா.

வளரும், எலும்பைப் பார்க்காமல் வெட்டினால். அடுத்துப் போடச் சொன்ன, தசையைத் தளர்த்தும் அந்த ஊசியும் அவருக்குப் பொருத்தமில்லை. முதல் இடத்திலும் சரி, ஊசி போடச் சொன்ன இடத்திலும் சரி, முரசு ஏன் தெரிகிறது என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. இந்த விஷயத்தில் நான் அடிக்கடி காணும் தவறு இதுதான். சிகிச்சையை முதலில் தெரிவு செய்துவிட்டுக் காரணத்தைப் பிறகு தேடுகிறோம்.

சிரிக்கும்போது மேல் முரசு 1 அல்லது 2 மில்லிமீற்றர் தெரிவது இயல்பு. ஆண்களைவிடப் பெண்களுக்குக் கொஞ்சம் கூடத் தெரியும். 3, 4 மில்லிமீற்றரைத் தாண்டும்போதுதான் பலருக்கு அது கண்ணை உறுத்தத் தொடங்குகிறது. அப்படித் தெரிவதற்குக் காரணம் நான்கு இடங்களில் இருக்கலாம். உதடு குட்டையாக இருக்கலாம், அல்லது சிரிக்கும்போது அளவுக்கு மேல் உயரலாம். பல் வெளியே வந்தபின் முரசு தன் இடத்துக்கு ஏறாமல் பல்லை மூடிக்கொண்டே இருக்கலாம். மேல் முன்பற்கள் எலும்போடு சேர்ந்து கீழே இறங்கியிருக்கலாம். மேல் தாடை எலும்பே உயரமாக வளர்ந்திருக்கலாம். சிலருக்கு இதில் இரண்டு சேர்ந்தே இருக்கும்.

இதைப் பிரித்தறிய முதலில் தேவைப்படுவது ஒரு சிறிய அடிமட்டம்தான். நீங்களே கண்ணாடி முன்னால் செய்து பார்க்கலாம். “அம்மா” என்று சொல்லிவிட்டு உதட்டைத் தளரவிடுங்கள், சிரிக்க வேண்டாம். அப்போது மேல் உதட்டுக்குக் கீழே முன்பல் எவ்வளவு தெரிகிறது என்று பாருங்கள். இளம் பெண்களுக்கு 3 முதல் 4 மில்லிமீற்றர், ஆண்களுக்கு 2 அளவில் தெரியும். பிறகு நன்றாகச் சிரித்து, உதடு எவ்வளவு மேலே போகிறது என்று அளந்து பாருங்கள். 6 முதல் 8 மில்லிமீற்றர் வரை போவது வழமை. கடைசியாக முன்பல்லின் நீளத்தையும் அகலத்தையும் எடுங்கள். மேல் நடுப்பல் சாதாரணமாக 10 அல்லது 11 மில்லிமீற்றர் நீளம் இருக்கும்; அகலம் அந்த நீளத்தில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் கூட.

அந்தப் பெண்ணுக்கு உதடு தளர்ந்திருக்கும்போது 3 மில்லிமீற்றர் பல் தெரிந்தது. சிரித்தபோது உதடு 8 மில்லிமீற்றர் ஏறியது. இரண்டும் இயல்புதான். அப்படியென்றால் சிரிக்கும்போது உதட்டு விளிம்பு பல்லின் நுனியிலிருந்து 11 மில்லிமீற்றர் உயரத்தில் நிற்கிறது. அவருடைய பல் நீளம் 7.5 மட்டும், அகலமோ 8.5. பல் நீளத்தைவிட அகலமாக, சதுரமாகத் தெரிந்ததற்குக் காரணம் அதுதான். 11இல் 7.5 போக மிச்சம் 3.5 மில்லிமீற்றர் முரசு. பல் முழுதாக, 10.5 நீளத்துக்கு வெளியே தெரிந்திருந்தால் முரசு அரை மில்லிமீற்றர்தான் தெரியும். உதட்டில் ஒரு குறையும் இல்லை. அதைத் தூக்கும் தசையை ஊசியால் தளர்த்துவது, கதவு இறுகுகிறது என்று ஜன்னலைச் செதுக்குவது மாதிரி.

சரி, முரசை வெட்டியதும் சரியான வழிதானே, ஏன் திரும்பி வந்தது? பல்லின் எனாமல் முடிந்து வேர் தொடங்கும் இடத்தில் ஒரு விளிம்பு உண்டு. மெல்லிய அளவுகோலை முரசுக்குள் விட்டால் அது தட்டுப்படும். அவருக்கு அது முரசு விளிம்பிலிருந்து 3 மில்லிமீற்றர் மேலே இருந்தது. மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு அதே அளவுகோலை முரசினூடாக எலும்பு தட்டும்வரை இறக்கினேன். எலும்பு 3.5இல் இருந்தது. அதாவது முன்பு 3 மில்லிமீற்றர் வெட்டியபோது, முரசு விளிம்புக்கும் எலும்புக்கும் நடுவே அரை மில்லிமீற்றர்தான் மிஞ்சியிருக்கிறது. உடம்பு அதை ஏற்காது. முரசின் நுனிக்கும் எலும்புக்கும் இடையில் ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் முரசுத் திசு இருந்தாக வேண்டும். அந்த இடம் கிடைக்காவிட்டால் முரசு வளர்ந்து பழைய இடத்தைப் பிடிக்கும், அல்லது விளிம்பு எப்போதும் சிவந்து, துலக்கும்போதெல்லாம் இரத்தம் கசியும். அவருக்கு இரண்டுமே நடந்திருந்தது.

லேசரில் பிழை இல்லை. எலும்பு போதிய தூரத்தில் இருந்தால் லேசரோ கத்தியோ முரசை வெட்டினாலே போதும், அரை மணித்தியாலத்தில் வேலை முடியும். எலும்பு கிட்ட இருந்தால் முரசைத் திறந்து எலும்பையும் குறைக்க வேண்டும். அவருக்கு முன்பற்கள் ஆறிலும் செய்தோம். நடுப்பற்களில் ஏறக்குறைய 2.5 மில்லிமீற்றர் எலும்பை எடுத்து, முரசைப் புதிய உயரத்தில் வைத்துத் தைத்தேன். பத்தாம் நாள் தையல் பிரித்தோம். இந்தச் சிகிச்சையில் விளிம்பு நிலையாக அமர மூன்று மாதமாவது ஆகும். ஆகவே கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது இதைத் தொடங்க வேண்டாம். வெட்டப் போகும் எவரிடமும் “எலும்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?” என்று கேளுங்கள். அளந்து பார்த்தவரிடம் அதற்கு ஓர் எண் இருக்கும்.

வயதையும் பார்க்க வேண்டும். பதின்ம வயதில் முரசு இன்னும் மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டிருக்கும். 14 வயதுப் பிள்ளைக்கு முரசு தெரிகிறது என்று வெட்டக் கூட்டிவரும் அம்மாமாரிடம் 18, 20 வயதுவரை பொறுக்கச் சொல்லுவேன். பல்லுக்குக் கம்பி போட்டிருக்கும்போது சரியாகத் துலக்காமல் வீங்கிய முரசையும் அவசரப்பட்டு வெட்டக் கூடாது. முதலில் துப்புரவு, அப்புறம்தான் மற்றதெல்லாம். பெரியவர்களில், இரத்த அழுத்தத்துக்கு எடுக்கும் அம்லோடிபின், வலிப்புக்கு எடுக்கும் பெனிடோயின் போன்ற மாத்திரைகளாலும் முரசு தடிக்கலாம். அப்படிச் சந்தேகம் வந்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாமல் அதை எழுதிய டொக்டரிடம் சொல்லுங்கள்.

போட்டொக்ஸ் உண்மையில் யாருக்குப் பொருந்தும்? பல் நீளம் சரியாக இருந்து, உதடு மட்டும் 10 மில்லிமீற்றருக்கு மேல் ஏறுபவர்களுக்கு. மூக்குத் துவாரத்துக்குப் பக்கத்தில், உதட்டைத் தூக்கும் தசைகள் கூடும் இடத்தில் பக்கத்துக்கு 2 முதல் 2.5 யூனிட் போதும். சில நாளில் வேலை செய்யத் தொடங்கி இரண்டு வாரத்தில் முழுப் பலன் தெரியும். மூன்று நான்கு மாதத்தில் கரைந்துவிடும். கூடப் போட்டால் உதடு தொங்கும், ஸ்ட்ரோவில் உறிஞ்ச முடியாது, சிரிப்பு ஒரு பக்கம் சரியும். மருந்தின் பிராண்டுக்குப் பிராண்டு யூனிட்டின் அளவும் மாறும். ஒருவருக்குச் சரியாக இருந்த எண்ணிக்கையை இன்னொரு மருந்தில் அப்படியே போட்டுவிடக் கூடாது. கல்யாணத்துக்கு முந்திய வாரம் முதல்முறையாகப் போடுவது பெரிய தவறு. பியூட்டி பார்லரில் போட்டுக்கொள்வது அதைவிடப் பெரிய தவறு. ஊசி போடுபவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா என்று கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

நிலைத்த பலன் வேண்டுமென்பவர்களுக்கு, உதட்டின் உட்பக்கத் தோலில் ஒரு பட்டையை எடுத்துவிட்டு உதட்டைக் கொஞ்சம் கீழே இறக்கித் தைக்கும் சிகிச்சை உண்டு. தெரியும் முரசின் இரண்டு மடங்கு அகலத்துக்குப் பட்டையை எடுப்பார்கள், 10 அல்லது 12 மில்லிமீற்றருக்கு மேல் போவதில்லை. இதை நிரந்தரம் என்று விற்கிறார்கள். என் கண்ணில் அது சரியில்லை. பலருக்கு ஒரு வருடத்துக்குள் உதடு ஓரளவு மேலே ஏறிவிடுகிறது. முதல் இரண்டு வாரம் வாய்விட்டுச் சிரித்து, உதட்டைத் தூக்கிக் கண்ணாடியில் தையலைப் பார்த்தே அதைக் கெடுத்துக்கொண்டவர்களும் உண்டு.

இந்த இரண்டும் எலும்புப் பிரச்சினைக்கு உதவாது. தளர்ந்திருக்கும்போதே 6, 7 மில்லிமீற்றர் பல் தெரிவது, முயன்று மூடினால்தான் உதடுகள் சேர்வது, சிரித்தால் கடைவாய்ப் பல்வரை முரசு தெரிவது, முகத்தின் கீழ்ப்பாதி நீண்டிருப்பது ஆகியவை மேல் தாடை உயர்ந்திருப்பதற்கு அடையாளங்கள். தலையைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்தால் உறுதிப்படும். முன்பற்கள் மட்டும் இறங்கியிருந்தால், எலும்பில் சிறிய திருகாணிகளைப் பொருத்திக் கம்பியால் பற்களை மேலே இழுக்கலாம். தாடை முழுவதுமே உயரமென்றால் லெ ஃபோர்ட் ஒன்று என்ற சத்திரசிகிச்சைதான் வழி. முழு மயக்கத்தில், பல் வேர்களுக்கு மேலே தாடையைக் கிடையாக வெட்டி, ஒரு துண்டு எலும்பை எடுத்துவிட்டுத் தாடையை மேலே நகர்த்திச் சிறிய தகடுகளால் பொருத்துவார்கள். அதற்கு முன்னும் பின்னும் கம்பி போட வேண்டியிருப்பதால் எல்லாம் முடிய ஒன்றரை, இரண்டு வருடம் ஆகலாம். வீக்கம் வாரக்கணக்கில் இருக்கும், மேலுதடும் கன்னமும் சில மாதம் மரத்திருக்கலாம், மூக்கு கொஞ்சம் அகலலாம். வார்ட் பிளேசில் இருக்கும் தேசிய பல் போதனா வைத்தியசாலையில் பல் சீரமைப்பு, தாடை சத்திரசிகிச்சை விசேட வைத்தியர்கள் இருவரையும் காணலாம். ஒருவரை மட்டும் பார்த்துவிட்டு இந்த முடிவை எடுக்காதீர்கள்.

அந்தப் பெண் மூன்றாம் மாதம் வந்தபோது பல் 10.5 மில்லிமீற்றர், விளிம்பு இளஞ்சிவப்பு, தொட்டால் இரத்தம் இல்லை. சிரித்தால் அரை மில்லிமீற்றர் முரசு தெரிந்தது. “இந்தக் கொஞ்சத்தையும் எடுத்துவிடலாமா?” என்று கேட்டார். முடியாது என்றேன். இன்னும் மேலே வெட்டினால் வேர் வெளியே தெரியும், குளிர்ந்த தண்ணீர் கூசும். அதோடு, வயது ஏற ஏற மேலுதடு தானாகவே இறங்கும். இன்று அரை மில்லிமீற்றர் தெரியும் முரசு, நாற்பது வயதில் தேடினாலும் தெரியாது.