யத்துரவும் வத்துரவும்: கொழும்புக்குப் போகிறவர்கள் முதலில் பழகவேண்டிய வார்த்தைகள்

ஊருக்குப் போகிறவர்களுக்கு வெயிலைப் பற்றியும் நுளம்பைப் பற்றியும் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது, சிங்களம் மட்டும் தெரிந்த ஒருவரிடம் மானம் போகாமல் கழிப்பறை கேட்பது எப்படி என்பதை. ஹோட்டலிலும் பெரிய கடைத்தொகுதிகளிலும் ஆங்கிலம் போதும். கொழும்பில் ‘வோஷ்ரூம்’ என்ற சொல் நன்றாகவே எடுபடும். ஆனால் நீங்கள் போவது காணி அலுவலுக்கோ அத்தாட்சிப் பத்திரத்துக்கோ என்றால், அங்கே கழிப்பறையின் சாவி பெரும்பாலும் அதிகாரியிடம் இருக்காது. வாசல் காவலாளியிடம் இருக்கும், அல்லது துப்புரவு செய்கிற அம்மாவிடம் இருக்கும். அவர்களிடம் ஆங்கிலத்தில் கேட்டால், ஏதோ பெரிய விஷயம் கேட்கிறீர்கள் என்று நினைத்து உங்களை ஒரு கவுண்டருக்கு அனுப்பிவிடுவார்கள்.

பலகையில் எழுதியிருப்பதை வாசித்துக் கேட்டால் போயிற்று என்று நினைக்கவேண்டாம். பலகையில் சிங்களத்தில் ‘வெசிகிலிய’ என்றும் தமிழில் ‘மலசலகூடம்’ என்றும் இருக்கும். நாங்கள் வீட்டில் யாராவது “மலசலகூடம் எங்கை?” என்று கேட்போமா? அவர்களும் அப்படித்தான். வெசிகிலிய என்றால் விளங்கும், ஆனால் சுகாதாரப் பரிசோதகர் வந்து நிற்கிறமாதிரி இருக்கும். பழைய ஆட்கள் சொல்லும் ‘கக்குஸ்ஸிய’வும் வேண்டாம். எங்கள் கக்கூசைப் போலவே அதுவும் டச்சுக்காரர் விட்டுப்போன சொல்தான், இரண்டு மொழியிலும் இப்போது மரியாதை இழந்து நிற்கிறது. வீட்டுக்குள்ளே பேசலாம், வெளியாரிடம் கூடாது. வாயில் வரவேண்டியது ‘டொய்லட் எக’. அவ்வளவுதான். “டொய்லட் எக கொஹெத?” என்றால் எங்கே இருக்கிறது என்று கேட்பது. “மெஹே டொய்லட் எகக் தியெனவாத?” என்றால் இங்கே ஒன்று இருக்கிறதா என்று கேட்பது. இரண்டாவதுதான் நல்லது. முதலாவது, உங்களுக்கு அங்கே உரிமை இருக்கிறமாதிரி ஒலிக்கும்.

மரியாதை வருவது ‘கருணாகரல’ போன்ற பெரிய சொற்களால் அல்ல. அவை அறிவித்தல்களில் வாழ்கிற சொற்கள். பேச்சில் அந்த வேலையைச் செய்வது ‘பொட்டக்’ என்கிற சின்னச் சொல். கொஞ்சம் என்று பொருள். யாழ்ப்பாணத்தில் நாங்கள் “ஒருக்கா” போட்டுக் கேட்கிறோமே, அதே வேலை. “பொட்டக் டொய்லட் எகட்ட யன்ன புளுவந்த?” என்றால் “ஒருக்கா ரொயிலற்றுக்குப் போகலாமோ?” என்ற தொனி சரியாக வந்துவிடும். முன்னால் ஒரு முறைப்பெயர் போடுங்கள். இளம் காவலாளி என்றால் “மல்லி”, உங்களைவிட மூத்தவர் என்றால் “அய்யே”, பெண் என்றால் “அக்கே”, மேசைக்குப் பின்னால் இருக்கிற பெண் என்றால் “மிஸ்”. ‘நோனா’ பழைய காலத்துச் சொல், விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. எங்கள் வயதுக்காரர் பலருக்குச் சிங்களம் தெரியாது என்று சொல்லமுடியாது. தெரிந்தது சோதனைச்சாவடிச் சிங்களம். “கொஹெத யன்னே?”, “பஹின்ன”, சில இடங்களில் “யபங்”. அந்த ‘-பங்’ முடிவு, நாங்கள் ஒருவரை ‘போடா, தாடா’ என்கிறமாதிரி. எங்களுக்குச் சொல்லப்பட்டதை நாங்கள் திருப்பிச் சொன்னால் காரியம் கெடும். ‘தீபங்’ என்றால் தாடா, ‘தென்ன’ என்றால் தாங்கோ. வித்தியாசத்தை விமானத்தில் இருக்கும்போதே வாயில் போட்டு உருட்டிக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்றால், இந்த முறை அம்மாவோடு போயிருந்தேன். அப்பாவின் காணி விஷயம். எங்களுக்கு அந்தக் காணி வேண்டாம் என்று நான் சொல்லியும், “உங்கட கையெழுத்து இல்லாமல் ஒண்டும் அசையாது, நீங்கள் எல்லாம் வெளியிலை போய் இருந்திட்டியள்” என்று மச்சான் தொலைபேசியில் சொன்ன விதத்தில், பயணச்சீட்டு எடுக்காமல் இருக்கமுடியவில்லை. அப்பாவின் பெயர் ஒரு பத்திரத்தில் ஒரு மாதிரி, இன்னொன்றில் இன்னொரு மாதிரி. அதைத் திருத்தக் கொழும்பில் ஓர் அலுவலகம். துண்டு எடுத்துக்கொண்டு வாங்கில் இருக்கவேண்டும். அம்மா இரத்த அழுத்தத்துக்காகத் தண்ணி வெளியேற்றுகிற குளிசை போடுகிறவர். காலையில் போட்டால் மதியம்வரை பலமுறை எழும்பவேண்டும். அன்று போடவேண்டாம் என்று சொல்லத் துணிவில்லை, வைத்தியர் சொன்னது.

எங்கள் இலக்கம் வந்ததும் நான் கவுண்டரில் நின்றேன். அம்மாவுக்குத் துணையாக மச்சானின் மகன். கொழும்பில் பிறந்து வளர்ந்த நல்ல பிள்ளை. அம்மா அவனிடம் “தம்பி, ஒருக்கா வெளியிலை போகவேணும்” என்றிருக்கிறார். எங்கள் ஊரில் ஒரு வயதான மனுஷி முகத்தைத் திருப்பிக்கொண்டு அப்படிச் சொன்னால் குழந்தைக்கும் விளங்கும். அவனோ அவரைக் கைபிடித்து உண்மையாகவே வெளியே கூட்டிப்போய், வாசலில் மரநிழலில் ஒரு கதிரை எடுத்துப் போட்டு, காத்து வாங்குங்கோ அப்பம்மா என்று இருத்திவிட்டான். அம்மா இருந்தார். ஆம்பிளைப் பிள்ளையிடம் அதற்கு மேல் விளக்க அவருக்கு வாய் வரவில்லை. ‘ஒண்டுக்கு’, ‘சலம்’ எல்லாம் பெண்களுக்குள் பேசுகிற சொற்கள்.

வாசலில் இருந்தபடி அவர் கவனித்தது இது. பெண்கள் காவலாளியிடம் வந்து ஏதோ ஒரு சொல் சொல்கிறார்கள், அவர் மரத்துண்டு கட்டிய ஒரு சாவியைக் கொடுக்கிறார், அவர்கள் மாடிக்குப் போகிறார்கள். அந்தச் சொல் ‘யத்துர’. சாவி. அம்மா எழும்பிப் போய் மெல்லக் கேட்டது ‘வத்துர’. தண்ணீர். காவலாளி நல்ல மனுஷன். தன்னுடைய போத்தலைத் துடைத்துக் கொடுத்து, குடிக்குமட்டும் நின்றிருக்கிறார். மறுத்தால் மரியாதை இல்லை என்று அம்மா பாதிப் போத்தலைக் குடித்தார்.

நான் திரும்பி வந்தபோது அம்மாவின் முகத்தைப் பார்த்தே விளங்கியது. காவலாளியிடம் ஓடினேன். சாவி மேலே போய்விட்டது என்றார். மேலே போனால் கதவு பூட்டு, சாவி ஓர் உத்தியோகத்தரின் மேசையில். அவர் தேநீருக்குப் போயிருந்தார். பக்கத்து மேசைப் பெண் தலை நிமிராமல் “ஸ்டாஃப் எகட்ட விதரய்” என்றார். ஊழியர்களுக்கு மட்டும். நான் ஆங்கிலத்தில் வாதாட ஆரம்பித்தேன், அது ஒரு பிரயோசனமும் இல்லாத வேலை. அவருக்கு அந்த மொழியில் பதில் சொல்லவேண்டிய சங்கடம், எனக்கு அவர் பதில் சொல்லவில்லை என்ற கோபம்.

காப்பாற்றியது வரிசையில் நின்ற ஒரு சிங்களப் பெண். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த மேசைக்கு வந்து சொன்னார்: “மிஸ், அம்மாட்ட பொட்டக் டொய்லட் எகட்ட யன்ன ஓன. யத்துர தென்ன புளுவந்த?” அம்மாவுக்கு ஒருக்காப் போகவேணும், சாவி தரமுடியுமா. ‘அம்மாட்ட’ என்பது நம் காதுக்கு ‘அம்மாவிடம்’ என்று கேட்கும், அவர்களுக்கு அது ‘அம்மாவுக்கு’. அந்த வாக்கியத்தில் எங்கே என்ற கேள்வி இல்லை, இருக்கிறதா என்ற கேள்வியும் இல்லை. தேவை யாருக்கு என்று முதலில் சொல்லி, பிறகு சாவியைக் கேட்டார். மேசைப் பெண் இழுப்பறையைத் திறந்தார். தேநீருக்குப் போனவரின் மேசைக்கு இன்னொரு சாவி இவரிடமே இருந்திருக்கிறது.

அதற்குள் எங்கள் கோப்பு அடுத்தவரின் கோப்புக்குக் கீழே போய்விட்டது. மறுபடி வரச் சொன்னார்கள், வந்தோம். ஆகவே வயதானவரோடு போகிறவர்கள் துண்டு எடுத்த கையோடு, தேவை வருமுன்பே, காவலாளியிடம் சாவி யாரிடம் என்று கேட்டு வையுங்கள். உங்களுக்குப் பின்னால் இருப்பவரிடம் இலக்கத்தைக் காட்டிவிட்டுப் போங்கள். அந்த ஒரு வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பையில் வையுங்கள். அம்மா இப்போது அதை என்னைவிடச் சுத்தமாகச் சொல்கிறார்.

கதவுக்கு வந்த பிறகு: ‘காந்தா’ என்றால் பெண்கள், ‘பிரிமி’ என்றால் ஆண்கள். சில பழைய கட்டடங்களில் ஸ்த்ரீ, புருஷ என்றிருக்கும். சிங்கள எழுத்து மட்டும் இருந்து படமும் இல்லையென்றால், யாராவது வெளியே வருமட்டும் நில்லுங்கள். உள்ளே போனதும் பூட்டுமுன் குழாயைத் திறந்து பாருங்கள். “வத்துர நே” என்று யாராவது சொன்னால், மன்னிக்கவேண்டும், அந்தச் சொல் இப்போது தண்ணீர் இல்லை என்பதற்கு. வாளியில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் சிக்கல் வேறு. அங்கே ‘பாத்ரூம்’ என்று கேட்டால் குளிக்கப்போகிறீர்கள் என்று நினைத்துத் துவாயும் சவர்க்காரமும் தருவார்கள், பழைய வீடுகளில் குளிப்பு கிணற்றடியில், மற்றது பின்வளவில். ‘வோஷ்ரூம்’ என்றால் கை கழுவுகிற இடத்தைக் காட்டுவார்கள். வீட்டுப் பெண்ணிடம் மெதுவாக “ரொயிலற் எந்தப் பக்கம்?” என்றால் போதும். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் விறாந்தையில் எல்லோர் முன்னும் உரத்துக் கேட்பதைத்தான் பெரியம்மாக்கள் பிறகு மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

திரும்பும் வழியில் சென்னையில் இறங்குகிறவர்களுக்கு: அங்கே ‘பாத்ரூம்’ என்றாலே கழிப்பறைதான், ‘ரெஸ்ட் ரூம்’ இன்னும் நாகரிகம், பலகையில் ‘கழிப்பறை’. மலசலகூடம் என்று கேட்டால் திகைப்பார்கள். கக்கூஸ் என்றால் முகம் சுளிப்பார்கள்.

இரவு பஸ்ஸில் புத்தளம் பக்கமாக வடக்கே போகிறவர்களுக்கு ஒன்று மட்டும். சாப்பாட்டுக்கு நிறுத்துகிற இடத்தில் கழிப்பறைக்குச் சில்லறை கேட்பார்கள், தாள் காசை நீட்டி நேரத்தை விடாதீர்கள். நடுவழியில் அவசரம் என்றால் நடத்துனரிடம் போய் “பஸ் எக பொட்டக் நவத்தன்ன புளுவந்த?” என்று கேளுங்கள், முன்னால் “அம்மாட்ட டொய்லட் எகட்ட யன்ன ஓன” என்பதைச் சேர்த்து. அம்மா கூட இல்லாவிட்டாலும் சேர்க்கலாமா என்று என்னிடம் கேட்காதீர்கள்.