ஸ்லைடுஷோ போடும் முன்: 640 படங்களை 60 ஆக்குவது எப்படி?

பணி ஓய்வு விழா ஒன்றுக்கு ஸ்லைடுஷோ செய்துதரச் சொல்லி, மூன்று போன்களில் இருந்த படங்களை அள்ளிக் கொடுத்தார்கள். மொத்தம் 640. பின்னணிப் பாட்டு ஐந்து நிமிடம். ஒரு படம் ஐந்து விநாடி நின்றால் 60 படங்களுக்குத்தான் இடம். இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுவிடுங்கள். எவ்வளவு கறாராகக் கழிக்கவேண்டும் என்பது அப்போதுதான் பிடிபடும்.

எல்லாப் படங்களையும் ஒரு ஃபோல்டரில் நகல் எடுத்து, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். பக்கத்திலேயே "தள்ளியவை" என்று இன்னொரு ஃபோல்டர் இருக்கட்டும். எதையும் அழிக்கவேண்டாம், அங்கே நகர்த்தினால் போதும்.

1. அச்சு அசலான நகல்கள்

நான் பயன்படுத்துவது Czkawka. இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். அதில் Duplicate Files தேடல், ஃபைலின் உள்ளடக்கத்தை வைத்து ஒன்றேயானவற்றைப் பிடித்துவிடும். பெயர் வேறாக இருந்தாலும் தப்பாது. இங்கே யோசிக்க ஒன்றுமில்லை, குழுவுக்கு ஒன்றை விட்டு மீதியை நகர்த்துங்கள்.

2. ஒரே மாதிரி இருப்பவை

பலரும் சறுக்குவது இங்கேதான். Similar Images தேடல் தரும் குழுக்களில் இரண்டு வகை கலந்துகிடக்கும். ஒன்று, அதே படம் வாட்ஸ்அப் வழியாகச் சுருங்கி வந்தது. மற்றது, அடுத்த விநாடியில் எடுத்த வேறு படம். முதல் வகையைக் கண்ணை மூடிக்கொண்டு கழிக்கலாம், இரண்டாவதைக் கண்ணைத் திறந்துதான் கழிக்கவேண்டும். மொத்தமாகத் தேர்வுசெய்யும் பொத்தானை அழுத்தினால் இரண்டும் சேர்ந்து போய்விடும். எல்லோரும் சிரித்த அந்த ஒரே படமும் அதில் இருக்கலாம்.

பிரித்தறிவது சுலபம். இரண்டையும் XnView MP-இல் முழுத்திரையில் திறந்து, அம்புக்குறி விசையால் மாற்றி மாற்றிப் பாருங்கள். எதுவும் அசையாமல் தெளிவு மட்டும் கூடிக் குறைந்தால் அது ஒரே படம். ஒரு கை, ஒரு தலை லேசாகத் துள்ளினால் அது வேறு படம்.

ஒரே படம்தான் என்று தெரிந்தபின் எதை வைப்பது? ஃபைல் அளவை நம்பவேண்டாம், பிக்சலைப் பாருங்கள். எனக்கு வந்ததில் ஒரு PNG ஸ்கிரீன்ஷாட், அசல் JPG-யைவிட அதிக MB காட்டியது. ஆனால் அசல் 4000×3000, ஸ்கிரீன்ஷாட்டில் அகலமே 1080தான். இன்னொன்று: வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வரும் நகலில், எடுத்த நேரம் பற்றிய தகவல் பெரும்பாலும் இருக்காது. அதை வைத்தால் தேதிவாரியாக அடுக்கும்போது காலைப் படம் மாலைப் படங்களுக்கு நடுவே போய் நிற்கும்.

3. மங்கலானவை

சிறுபடமாகப் பார்த்தால் எல்லாமே தெளிவாகத்தான் தெரியும். 100% பெரிதாக்கினால் எல்லாமே மங்கல். ஸ்லைடுஷோ ஓடப்போகும் அளவில், அதாவது முழுத்திரையில் பாருங்கள். 4000×3000 படத்தில் ஒரு கோடியே இருபது லட்சம் பிக்சல். 1920×1080 திரையில் இருப்பதோ இருபது லட்சத்துச் சொச்சம். படம் அவ்வளவு சுருங்கும்போது சின்னக் கை நடுக்கம் தெரியாமலே போய்விடும். ஆனால் மெதுவாக முகத்தை நெருங்கும் ஜூம் எஃபெக்ட் போடுவதாக இருந்தால், அந்த நெருக்கத்தில் ஒருமுறை சோதியுங்கள்.

மங்கலைத் தானாகக் கண்டுபிடிக்கும் மென்பொருள்களை நான் வரிசைப்படுத்த மட்டுமே பயன்படுத்துவேன். அவை பெரும்பாலும் விளிம்புகள் எவ்வளவு கூர்மை என்றுதான் அளக்கின்றன. வெறும் சுவர் முன்னால் நிற்பவரின் நல்ல படம் குறைந்த மதிப்பெண் வாங்கும். இருட்டில் எடுத்த புள்ளிபுள்ளியான படம் கூடுதலாக வாங்கும்.

4. அடுத்தடுத்து எடுத்தவை

சரி, இப்போது மிஞ்சியிருப்பவை நிஜமாகவே வேறு வேறு படங்கள். எங்கள் விழாக் குழுப்படம் ஒன்றுக்கே ஒன்பது. ஒன்பதையும் பரப்பி வைத்துப் பார்த்தால் முடிவுக்கு வரமுடியாது. முதல் இரண்டை எடுங்கள், தோற்றதை நகர்த்துங்கள், ஜெயித்ததை மூன்றாவதோடு மோதவிடுங்கள். முதலில் விழா நாயகரின் கண்கள் திறந்திருக்கின்றனவா, அப்புறம் அவர் முகத்தை யாராவது மறைக்கிறார்களா, அதற்கும் பிறகுதான் ஓரத்தில் நிற்பவர்கள். எங்கள் ஒன்பதில் நான்கு கண்மூடலில் போயின, இரண்டில் குறுக்கே ஒரு கை. மிஞ்சிய மூன்றில், ஓரத்தில் ஒருவர் திரும்பி நின்றாலும் விழா நாயகர் வாய்விட்டுச் சிரித்த படமே நின்றது.

பின்சேர்க்கை: ஐபோன் படங்கள் முதல் படியில் சிக்கவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஒரே படம் HEIC ஆகவும் JPG ஆகவும் இருந்தால் உள்ளடக்கம் வேறு, அதனால் அது இரண்டாம் படியில்தான் மாட்டும். கூடவே அதே பெயரில் ஒரு MOV இருந்தால் அது லைவ் போட்டோவின் வீடியோத் துண்டு. படத்தை நகர்த்தும்போது அதையும் சேர்த்து நகர்த்துங்கள், இல்லாவிட்டால் ஃபோல்டரை அப்படியே இழுத்துப் போடும்போது நடுநடுவே மூன்று விநாடி வீடியோக்கள் முளைக்கும்.